முழுங்கிக் காட்டிய காபி

போர்ட் பிளேரில் எங்கள் காபித்தூள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. கடை திறந்ததும், புதிதாக அரைத்த தூளில் டிக்காஷன் இறக்கி, முதல் டம்ளரை வாடிக்கையாளர் முன்னால் நான் குடிக்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்று நான் தலையாட்டிய பிறகுதான் தராசு அசையும். என் மாமியார் ஆரம்பித்து வைத்தது. வறுப்பது, அரைப்பது எல்லாம் என் வீட்டுக்காரர். எவ்வளவு வறுக்க வேண்டும், சிக்கரி எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சொல்வது என் நாக்கு. கடைக்குப் பெயர்ப்பலகை பெரிதாக ஒன்றும் கிடையாது. என் நாக்குதான் பலகை என்று அவர் கேலி செய்வார்.

ருசி பார்ப்பவள் வெறும் வயிற்றில்தான் பார்க்க வேண்டும், இட்லியும் சட்னியும் உள்ளே போய்விட்டால் நாக்கு பொய் சொல்லும் என்பதும் மாமியார் சட்டம். அதனால் எழுந்ததும் வீட்டில் ஒரு டம்ளர், புரோத்ராபூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் கடையில் ஒரு டம்ளர். அதற்குப் பிறகு எத்தனை என்று கேட்காதீர்கள். கடைக்காரிக்குக் கணக்கு ஏது?

நெஞ்செரிச்சல் எப்போது தொடங்கியது என்று சரியாகத் தெரியவில்லை. கேஸ் என்று நினைத்தேன். ஓமம் மென்றேன். ரோஸ் கலர் மருந்தை மூடியில் ஊற்றிக் குடித்தேன். மழைக்காலம் வந்தபோது நிலைமை வேறாகிவிட்டது. படுத்தால் தொண்டைவரை புளித்த தண்ணீர் ஏறும். இருமி இருமிக் குரல் கட்டிக்கொண்டது. தலையணை மேல் தலையணை வைத்து உட்கார்ந்தே தூங்கினேன். நெஞ்சுக்குள் யாரோ அடுப்புக்கரியைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். அதோடு எழுந்து போய், வெறும் வயிற்றில், ஜனங்கள் முன்னால் சிரித்த முகத்தோடு ஒரு டம்ளர் டிக்காஷன் காபி முழுங்க வேண்டும். முழுங்குவேன். சிரிப்பேன். பிறகு மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த மழைக்காலத்தில்தான் காபி எனக்குப் புளிக்க ஆரம்பித்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் கொட்டை. ஈரம் பட்டிருக்கும், பூசணம் பிடித்திருக்கும் என்று முதலில் மூட்டைகளைத் திட்டினேன். பிறகு அவரைத் திட்டினேன். "என்னங்க, பச்சையா இறக்கி வச்சிருக்கீங்க? புளிப்பு மண்டைக்கு ஏறுது. இன்னும் கருக்க விடுங்க." அவர் வறுக்கும் டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். இன்னும் புளித்தது. இன்னும் கருக்கச் சொன்னேன். சிக்கரியையும் ஏற்றினேன். கருக வறுத்தால் புளிப்பு குறையும், அது இந்தத் தொழிலின் பாலபாடம். என் வயிற்றுக்கும் அதுவே நல்லது என்று ஒரு நப்பாசை வேறு.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். சாப்பாடு தொண்டையில் சிக்குகிறதா, எடை குறைகிறதா, கறுப்பாக வெளிக்குப் போகிறதா? எதுவும் இல்லை என்றேன். அப்படியானால் பயப்பட வேண்டாம், மாத்திரை எடுங்கள், இரவுச் சாப்பாட்டை முன்னால் முடியுங்கள், சாப்பிட்டதும் படுக்காதீர்கள், கொஞ்ச நாள் காபியை நிறுத்திப் பாருங்கள் என்றார். கடைசி வாக்கியத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மீன்காரியிடம் மீன் நாற்றம் ஆகாது என்று சொல்வது போல இருந்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகளிடம் போனில் அழுதேன். அழுதேன் என்றால் அழுதேன்தான், மறைக்க என்ன இருக்கிறது? அவள் ஒரு பாக்கெட் அனுப்பினாள். அமிலம் குறைந்த கொட்டை, வயிற்றுக்கு இதம் என்று மேலே போட்டிருந்தது. முதல் சில நாள் நெஞ்சு அமைதியாக இருந்தது. கடவுளே கண் திறந்துவிட்டார் என்று வீட்டுக்காரரைக் கட்டிப் பிடிக்காத குறை. அதே வாரம்தான் மாத்திரையும் ஆரம்பித்திருந்தேன், ஒரு டம்ளர் அளவுக்குத்தான் பயந்து பயந்து குடித்தேன் என்பதெல்லாம் அப்போது புத்தியில் ஏறவில்லை. இதமான காபிதானே என்று பழைய அளவுக்கு வந்ததும் எரிச்சலும் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்து கோல்டு ப்ரூ. தூளைப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டுவது. மகள் வீடியோ அனுப்பினாள். அதில் என்ன அளவு சொன்னார்கள் என்று யார் பார்த்தது? காபிக் கடைக்காரிக்கு அளவு சொல்லித்தர இவர்கள் யார்? டிக்காஷனுக்குப் போடுவது போலவே தூளைக் கொட்டி, கெட்டியாக ஊறவைத்தேன். வடித்தால் தேன் மாதிரி இறங்கியது. கசப்பில்லை, கடுப்பில்லை. தண்ணீர் கலக்காமல் அப்படியே, மோர் குடிப்பது போல நாள் முழுக்கக் குடித்தேன். சூடு இல்லை, புளிப்பு இல்லை, இனி எனக்கு என்ன குறை?

ஒரு நாள் சிக்கரி மூட்டையை நகர்த்தக் குனிந்தேன். குடித்தது அத்தனையும் தொண்டைக்கு வந்தது, மூக்கு வழியாகவும் வந்தது. மூச்சு அடைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முதுகைத் தடவிக்கொண்டே, கடையை விற்றுவிட்டுச் சொந்த ஊர் போடிக்கே போய்விடலாம் என்றார். அங்கே யார் இருக்கிறார்கள்? எரிந்து விழுந்தேன். ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா இந்த முறை விட்டுவைக்கவில்லை. மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்றார். சாப்பிட்ட பிறகு, காபியோடு என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் அது வேலை செய்யுமாம். பிறகு கோல்டு ப்ரூவைக் கேட்டார். குளிர்ந்த தண்ணீரில் ஊறினால் அமிலம் கொஞ்சம் குறையலாம், ஆனால் காபியின் புளிப்பு பெரிதாக ஒன்றும் மாறாது என்றார். "எரியறது காபில இருக்கற அமிலம் இல்லம்மா, உங்க வயித்துல இருக்கற அமிலம். இரைப்பைக்கு மேல ஒரு வாசல் இருக்கு. காபி குடிச்சா சிலருக்கு அது தளர்ந்துடும், வயித்துல அமிலமும் கூடச் சுரக்கும். நீங்க குடிச்ச கெட்டிக்கு காஃபின் எவ்ளோ போயிருக்கும்?" அமிலம் குறைந்த கொட்டை பற்றிக் கேட்டேன். சிலர் ஒத்துக்கொள்கிறது என்கிறார்கள், உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது, உங்கள் உடம்பில்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அப்படியா, பார்த்துவிடுவோம் என்றார் என் வீட்டுக்காரர். தொழிலில் புது மூட்டையைச் சோதிப்பது போல, எது என்று சொல்லாமல் ஊற்றித் தருவது. எங்கள் தூள், மகள் அனுப்பிய தூள், கோல்டு ப்ரூ. மூன்றுக்கும் ஒரே அளவு தூள், ஒரே பால், ஒரே சூடு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர், வேறு கிடையாது. சில நாள் ஒன்று, சில நாள் இன்னொன்று. நெஞ்சு எப்படி இருந்தது என்று மட்டும் நான் சொல்ல வேண்டும்.

எதில் எரிந்தது, எதில் எரியவில்லை என்று என்னால் பிரிக்கவே முடியவில்லை. இதுதான் இதமானது, சத்தியம் செய்கிறேன் என்று நான் சொன்ன டம்ளர் எங்கள் சொந்தத் தூள். எல்லாமே முன்னைவிடக் கொஞ்சம் தேவலை. வயிறு காலியாக இல்லை, அளவு ஒரு டம்ளர், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் என்னை உடைத்தது அது இல்லை. முப்பது வருஷம் காபி ருசி பார்த்தவள் நான். வாசனையை வைத்தே எந்த மலைக் கொட்டை என்று சொன்னவள். மூன்று டம்ளரில் எது எது என்று எனக்கு நாக்கிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மூன்றும் ஒரே புளிப்பு.

நாக்கு போய்விட்டது என்று நினைத்தேன். கொட்டையை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அதோடு போனது. பிழைப்பு போச்சு என்று வாய்விட்டே சொன்னேன். மறுநாளிலிருந்து காபியை விட்டேன். கேட்டவர்களிடம் விரதம் என்றேன். கடையில் வீட்டுக்காரர் குடித்துக் காட்டினார். ஜனங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார்கள். முதல் சில நாள் மண்டையிடி தாங்காமல் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டேன். விளக்கு வைத்ததும் சாப்பிட்டேன். கட்டில் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார். வாரங்கள் போயின. குரல் திரும்பியது. ஒரு காலை வெறும் தண்ணீர் குடித்தேன், அது புளிக்கவில்லை. தண்ணீர் தண்ணீராக இருந்தது.

அன்று இட்லி சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர், பெங்காலி வாத்தியார், தமிழ்க்காரியைக் கட்டியவர், பையோடு நின்றிருந்தார். அவர் முன்னாலேயே அன்றைய காபியை ஒரு வாய் உறிஞ்சி, வாயில் உருட்டி, பாத்திரத்தில் துப்பினேன். முழுங்காமல் துப்பியது அந்தக் கடை வரலாற்றில் அதுதான் முதல் தடவை. மாமியார் மேலே இருந்து பார்த்திருப்பார், பார்க்கட்டும்.

கரி. சுத்தமான கரி. அடுப்பில் தீய்ந்த சட்டியைச் சுரண்டி ஊற்றிய மாதிரி ஒரு கசப்பு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது, கசப்பு தெரிகிறது, என் நாக்கு வந்துவிட்டது! அடுத்த நொடியே என் வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன். டிரம்மை விட்டுவிட்டு எங்கே போனீர்கள், இதை மனிதன் குடிப்பானா என்று கத்தினேன்.

அவர் சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார். "இன்னிக்கு மட்டும் இல்ல. மழை ஆரம்பிச்சதுல இருந்தே இப்படித்தான். நீதான கருக்கச் சொன்ன."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புளித்தது கொட்டை இல்லை, என் தொண்டை. நான் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இவ்வளவு நாள் இதையா வீட்டில் குடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நஹி தீதி. வீட்ல சாய்தான் குடிக்கிறோம். உங்க பவுடர் எல்லாம் டப்பால அப்படியே இருக்கு."

"பின்ன எதுக்கு வாரா வாரம் வந்து வாங்குனீங்க?"

அவர் பையின் காதைத் திருகினார். "நீங்க எங்க முன்னாடி எவ்ளோ கஷ்டப்பட்டு முழுங்குனீங்க. கண்ல தண்ணி நிக்கும், ஆனா சிரிப்பீங்க. அதப் பார்த்துட்டு வாங்காம எப்படிப் போறது?"