ஓரத்தில் நின்றவள்

முட்டுக்காட்டில் நானும் என் மனைவியும் மீன் சமைப்பதை யூடியூப்புக்கு நீள வீடியோவாக எடுப்போம். அதையே நெட்டுவாக்கில் வெட்டி ஷார்ட்ஸ், ரீல்ஸ் போடுவோம். அப்படி வெட்டினால் நடுப்பகுதி மட்டும்தான் மிஞ்சும்.

"நீ நடுவுல நில்லுய்யா, நான் ஓரமா கீறேன். ஒரு தபா எடுத்தா எல்லாத்துக்கும் ஆவும்" என்பாள்.

அவள் செத்த பிறகு ஸ்டேட்டஸ் வைக்க அவள் ரீல் ஒன்று வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எல்லாவற்றிலும் நான்தான் இளித்துக்கொண்டு நிற்கிறேன். அவளுடையது கரண்டி நீட்டும் கை மட்டும். போனை விட்டெறியலாம் போல இருந்தது.

கடைசி நீள வீடியோவைத் திறந்து, வெட்டும் கட்டத்தை ஓரத்துக்கு நகர்த்தினேன். அவள் முழுசாக வந்தாள். குழம்பை நக்கிப் பார்த்து, "உப்பு தூக்கலா கீது" என்று பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தாள். அங்கே நின்ற நான் வெட்டில் போயிருந்தேன்.