வளைந்த கோட்டுக்குப் போட்ட பூச்சியம்

பொய் சொல்லாத ஒரு பிள்ளையைப் பொய்க்காரி என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவள் சொன்னது உண்மை என்று தெரிந்த பிறகும் அதைத் திருத்தவில்லை.

பதுளையில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து அங்கேயே தங்கிவிட்டவன். எங்கள் ஆய்வுகூடத்தில் ஒழுங்காக வேலை செய்த, மின்னோட்டம் அளக்கும் அம்பியர்மானி ஒன்றுதான். அதனால் செய்முறைப் பரீட்சைக்கு மாணவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். மூடிய மரப்பெட்டி ஒன்றில் இரண்டு முனைகள் வெளியே தெரியும். மின்னழுத்தத்தை ஒரு வோல்ட்டிலிருந்து ஆறு வோல்ட் வரை கூட்டி, மின்னோட்டத்தை வாசித்து, வரைபு கீறி, உள்ளே இருப்பது ஓமின் விதிக்கு அமைகிறதா, அதாவது கோடு நேராக வருகிறதா என்று எழுதவேண்டும். தவறினால் கணிதப் பிரிவில் இருக்க முடியாது, கலைப் பிரிவுக்குப் போகவேண்டும். அந்த விதி நான் போட்டது.

ஒவ்வொரு வருடமும் உள்ளே இருப்பது பத்து ஓம் கம்பிச்சுருள். மேல்வகுப்புப் பிள்ளைகளின் பதிவேடுகள் கைமாறும் என்பதும், கோட்டை முதலில் கீறிவிட்டுப் புள்ளிகளை அதன்மேல் வைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். விடை சரியாக வந்ததால் பேசாமல் இருந்தேன்.

அந்த வருடம் இருபத்தொரு பேர். இருபது பேரின் கோடும் மூலப்புள்ளியிலிருந்து நேராக ஏறியது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையின் கோடு மட்டும் வளைந்திருந்தது. ஒரு வோல்ட்டில் 0.11 அம்பியர். ஆறு வோல்ட்டில் மற்றவர்கள் 0.60 என்று எழுதியிருக்க, அவள் 0.31 எழுதியிருந்தாள். 'ஓமின் விதிக்கு அமையவில்லை, தடை கூடிக்கொண்டு போகிறது' என்று கீழே தெளிவாக ஒரு வரி.

வகுப்பில் வைத்தே கேட்டேன். "எல்லாருக்கும் நேர்கோடு வந்திருக்கு. உனக்கு மட்டும் ஏன் பிள்ளை வளையுது?"

"வளைஞ்சுதான் சார் போகுது. மூணு தடவ பார்த்துட்டேன். பெட்டி கூட லேசா சூடாவுது சார்."

பின்வாங்கிலிருந்து ஒருவன், "இவ கரண்டுக்கு மலை ஏறி மூச்சு வாங்குது சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிவப்புப் பேனையால் பூச்சியம் போட்டு, 'வாசிப்புகள் பொய்யானவை' என்று எழுதினேன்.

அன்று பிள்ளைகள் போன பின் மூடுபனி யன்னல் வரை வந்து நின்றது. ஏனென்று தெரியாத ஒரு பயத்தோடு பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே கம்பிச்சுருள் இல்லை. ஒரு சிறிய மின்குமிழ். பக்கத்து வகுப்புக்கு வைத்திருந்த பெட்டியை நானே மாற்றி எடுத்து வைத்திருக்கிறேன். குமிழின் இழை சூடாகச் சூடாகத் தடை கூடும், கோடு வளையும். அவள் வாசித்தது அத்தனையும் சரி. பொய் எழுதியவர்கள் மற்ற இருபது பேரும்.

வெளியே சொன்னால் இருபது விடைத்தாள்களும் விழும். அந்த இருபது பேரையும் அப்படிப் பழக்கி வளர்த்தவன் நான் என்பதும் வெளியே வரும். பெட்டியை மூடினேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பா வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சட்டையில் தூள் ஒட்டியிருந்தது. கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம் புள்ள பொய் சொல்லாதுங்கய்யா. ஒருக்கா பாருங்க."

"பார்த்திட்டன். பிழை அவளிலதான்."

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரிங்கய்யா" என்று சொல்லிப் போனார். அந்தப் பணிவு எனக்குக் கிலியாக இருந்தது. அவள் கலைப் பிரிவில் ஒரு தவணை, மூன்று மாதம் போல, இருந்தாள். பிறகு வரவில்லை.

போன வருடம், ஓய்வு பெற்று நெடுநாள் கழித்து, விசாரித்துக்கொண்டு, அவள் இருந்த தோட்டத்து லய வீட்டுக்குப் போனேன். அவள் இப்போது தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"மத்தவங்க கள்ளக்கோடு போட்டது எனக்கு அன்னிக்கே தெரியும் சார்," என்றாள். "உங்களுக்கும் தெரியுமான்னுதான் தெரியாம இருந்துச்சு."

தெரியும் என்று தலையாட்டினேன்.

"இத எழுதிக் குடுங்க. கையெழுத்தோட."

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பாடசாலை அதிபருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன், பதில் இல்லை. பத்து நாள் கழித்து அவள் தொலைபேசியில் பேசினாள்.

"அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன் சார். உங்கள பார்த்துட்டு வந்த அன்னிக்கு, பொய் சொன்னேன்னு என்னய விறகுக் கட்டையால அடிச்சாரு. அதுக்கு முன்ன ஒருநாளும் அவரு கை வச்சதில்ல. இப்ப ரெண்டு நாளாச் சாப்பிடல. சுவத்தப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

"நான் வந்து அவரோட கதைக்கட்டோ, பிள்ளை?"

"வேணாம் சார். நீங்க வரவே வேணாம்."