வராதவர்களின் பிரஷர்

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு கிளினிக்கில் நாங்கள் நடத்திய ஆய்வு சிக்கலானதல்ல. பிரஷர் உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒரு குழுவுக்கு வழக்கமான மருந்து மட்டும். மற்றக் குழுவுக்கு அதே மருந்தோடு ஒரு நர்ஸ் முன்னால் இருந்து உப்பு, நடை, மாத்திரை எடுக்கும் நேரம் என்று பொறுமையாகக் கதைப்பார். இரண்டு குழுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம் வரைக்கும் வந்து பிரஷர் பார்க்க வேண்டும். தமிழர் அதிகம் இருக்கும் வெள்ளவத்தையில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய், அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றி ஆராய்வது என் வேலை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஒரு தவணை வருவார்கள், அடுத்த தவணை வரமாட்டார்கள்.

எங்களுக்குத் தலைவராக இருந்தவர் ஒரு சிங்களப் பேராசிரியர், நிதானமான மனிதர். முதலில் அவர், எல்லாத் தவணைக்கும் வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நர்ஸ் கதைத்த குழுவில் பிரஷர் நன்றாகவே இறங்கியிருந்தது. அவருக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தேகம். ஒழுங்காக வருகிறவர்கள் மாத்திரையையும் ஒழுங்காகவே போடுவார்கள். அவர்களை மட்டும் வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்வது எப்படி?

அதனால் மிக்ஸ்ட் மொடல் என்ற புள்ளியியல் முறையைப் போட்டேன். அதில், ஒருவர் ஒரு தவணைக்கு வராவிட்டால் அவரை முழுதாகத் தூக்கி எறியத் தேவையில்லை. வந்த தவணைகளின் அளவுகள் உள்ளேயே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனியான தொடக்கம், தனியான ஏற்ற இறக்கம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு குழுக்களுக்கும் பொதுவான போக்கை அது கணிக்கும். கணித்தபோது பலன் பாதியளவு சுருங்கியது. நர்ஸின் குழுவில் முதல் தவணைகளில் பிரஷர் இறங்காதவர்களே பிறகு அதிகம் வராமல் போயிருந்தார்கள். சொன்னதைச் செய்யவில்லையே என்று நர்ஸின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அவர்களுடைய முதல் அளவுகள் இப்போது கணக்கில் சேர்ந்து, குழுவின் சராசரிக் கோட்டை மேலே இழுத்தன.

பேராசிரியர் மறுக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "வராத ஆட்களைப் பற்றி இந்த மொடல் என்ன நம்புகிறது?"

"முந்தைய அளவுகள் காட்டிய வழியிலேயே அவர்கள் போயிருப்பார்கள் என்று நம்புகிறது, சேர்."

"அது உண்மையா?"

அந்தக் கேள்விக்கு என் கணினியில் பதில் இருக்கவில்லை. வராமல் போனதற்குக் காரணம் நாங்கள் ஏற்கனவே பார்த்த அளவுகளில் தெரிந்தால் மொடல் சமாளிக்கும். நாங்கள் பார்க்காத அந்த நாளின் பிரஷரோடேயே காரணம் ஒட்டியிருந்தால் அது ஏமாந்துபோகும். எது என்று ஆட்களிடம் போய்த்தான் கேட்க வேண்டும்.

கிளினிக்கின் அதே நர்ஸோடு வீடு வீடாகப் போனேன். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண், என்னிலும் பதினைந்து வயது மூத்தவர். மட்டக்குளியில் ஒருத்தி, தொழிற்சாலையில் லீவு தரவில்லை என்றாள். ஒரு குடும்பம் வத்தளைக்கு வீடு மாறியிருந்தது. இதெல்லாம் பிரஷரோடு சம்பந்தமில்லாத, மொடலைக் குழப்பாத காரணங்கள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிறகு ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருந்த வீடு. துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சேர்ட்டை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். இரண்டு தவணை தொடர்ந்து வராதவர்.

"சிலாபத்தில ஒரு கலியாணம் மிஸி" என்று நர்ஸிடம் சொன்னார். "அங்கேயே கொஞ்ச நாள் நிண்டுட்டம்."

சமையலறை வாசலில் நின்ற அவருடைய மனைவி தலை குனிந்துகொண்டார். நர்ஸ் அந்த மனிதரின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். அளவைப் பார்த்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடியும் எடுத்தார். மொடல் அவருக்கு எதிர்பார்த்திருந்ததை விட மிகவும் கூட.

"மாத்திரை போடேல்லயா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "மகள் எங்க இருக்கிறது?"

"வெள்ளவத்தை."

"அப்ப உங்களுக்கு விளங்கும்" என்றார். "பொலிஸ் ரவுண்டப்பில என்னைக் கொண்டு போனவங்கள். ஐடென்டிட்டி கார்ட்டில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. முப்பது வருசமா இந்த ஒழுங்கையில இருக்கிறன். கோயிலுக்குப் போற சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்க லொறியில ஏத்தினாங்கள்." குரல் உயரவில்லை. "விட்டிட்டாங்கள்தான். ஆனா அதுக்குப் பிறகு வெளிய இறங்க மனம் வரேல்ல. கிளினிக்கில இருக்கிறதும் இந்தச் சனம்தானே. மாத்திரையையும் விட்டுட்டன். பிள்ளை, இத எழுத வேணாம்."

"எழுதமாட்டன் ஐயா" என்றேன்.

என் காது இரண்டும் எரிந்தன. அந்த மாதம்தான் எங்களுடைய ஒழுங்கையிலும், புலி என்ற சந்தேகத்தில் தமிழரைப் பிடித்துப்போகும் சுற்றிவளைப்பு நடந்தது. என் தம்பியைக் கொண்டுபோனார்கள். அம்மாவும் நானும் பொலிஸ் வாசலில் நின்ற நாட்களில் வேலைக்குப் போகாமல், கந்தோருக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். அவரிடம் 'எங்கட வீட்டிலயும்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வாய் வரவில்லை. நாங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பிழை செய்தவர்களைப் போல, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேத்தண்ணீர் குடித்து முடித்தோம்.

வெளியே வந்ததும் நர்ஸ் சொன்னார். "எனக்கு முதலே தெரியும் பிள்ளை. கலியாணம் எண்டு சொல்லுறவர அப்பிடியே விட்டிடுறதுதான்."

அதன் பிறகு போன சில வீடுகளிலும் இதையொத்த கதைகளே கிடைத்தன. சிலரைப் பிடித்துப்போய் விட்டிருந்தார்கள், சிலருடைய மகனை. எல்லோருடைய பிரஷரும் மொடல் எதிர்பார்த்ததை விட மேலே நின்றது. அவர்களை வரவிடாமல் செய்த அதே விஷயம்தான் அவர்களுடைய பிரஷரையும் ஏற்றியிருந்தது. முந்தைய அளவுகள் எதிலும் அது தெரிந்திருக்க வழியில்லை.

திரும்பி வந்து செய்ய முடிந்ததைச் செய்தேன். வராதவர்களின் அளவு மொடல் சொல்வதிலும் சற்றுக் கூட இருந்திருந்தால் என்ன, இன்னும் கூட இருந்திருந்தால் என்ன என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் திரும்பக் கணித்தேன். சற்று ஏற்றியபோது பலன் தாங்கியது. வீடுகளில் நாங்கள் பார்த்த அளவுக்கு ஏற்றியபோது தாங்கவில்லை. வராதவர்கள் நர்ஸின் குழுவில்தான் அதிகம் என்பதால் இழப்பும் அங்கேதான் விழுந்தது. பலன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கு மேல் எதையும் சொல்ல முடியவில்லை.

கூட்டத்தில் இதைக் காட்டியபோது ஒரு இளம் டொக்டர் சிரித்துக்கொண்டே, அந்தப் பகுதிச் சனத்துக்குத் தொடர்ந்து வருவதில் அக்கறை கிடையாது, அதுதான் காரணம் என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அந்த அறையில் தமிழ் ஆள் நான் மட்டும்தான். முகம் சூடேறியது தெரிந்தது. யாருக்காக வெட்கப்படுகிறேன் என்று தெரியாமல் வெட்கமாக இருந்தது.

"அக்கறை இல்லாமல் இல்லை" என்றேன். "காரணத்தை என்னிடம் சொன்னார்கள். சொல்ல வேண்டாம் என்றும் கேட்டார்கள்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று கணிப்புகளின் முடிவுகளையும் கட்டுரையில் போடுவோம், எது பலவீனமானதோ அதை முதலில் போடுவோம் என்று மட்டும் சொன்னார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு என் மேசைக்கு வந்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் சேர், எல்லோரும் சுகம் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

தம்பி அப்போது வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். பகலிலும் யன்னலைத் திறக்க விடமாட்டான்.

கட்டுரை வெளியானபோது, சிலர் தவிர்க்கமுடியாத காரணங்களால் தவணைகளுக்கு வரவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. எழுதியது நான்தான். கொடுத்த வாக்கை மீறாத, பொய்யில்லாத வரி. கந்தோரில் அந்தப் பிரதி கை மாறிக் கை மாறிப் போனபோது, அந்த வரி வருகிற பக்கத்தை யாராவது திருப்பினால், என்ன காரணம் என்று கேட்டுவிடுவார்களோ என்று நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.