தைக்காத ஓரம்

மலேசியாவின் கிள்ளான் கடைத்தெருவில், ஒரு தையல்கடையில் சபேடா அக்காவும் அவர் தங்கை மெலூரும் ஷிஃபான் முக்காடுகளுக்கு ஓரம் அடிப்பார்கள். அடுத்த மெஷின் என்னுடையது. விளிம்பையொட்டி ஒரு தையல் போட்டு, அந்தக் கோட்டில் மடித்து மறுபடி தைப்பார்கள். மிச்சத் துணியைத் தையலை ஒட்டி நறுக்கி, இன்னொரு மடிப்பு மடித்துக் கடைசித் தையல் போட்டால் ஓரம் நூல்போல மெலிந்து நிற்கும்.

"இழுக்காதடி! மெஷின் தானாத் தள்ளும். நீ இழுத்தா ஓரம் அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும்!" என்று அக்கா கத்துகிற கத்தலில் எனக்குத்தான் காது வலிக்கும்.

மெலூர் அசரமாட்டாள். "கல்யாணத்துக்குப் போனாலும் இவ மணப்பொண்ணு முகத்தைப் பாக்க மாட்டா, முக்காட்டு ஓரத்தைத்தான் திருப்பிப் பாப்பா" என்பாள் என்னிடம்.

டெங்கு காய்ச்சலில் மெலூர் போய்விட்டாள்.

குளிப்பாட்டி முடித்து அடக்கத்துக்கான வெள்ளைக் கஃபன் துணியைப் போர்த்தினார்கள். அக்கா அழவில்லை. துணியின் கிழித்த விளிம்பின்மேல் அவர் கை போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைச் சுருட்டிச் சுருட்டி மடிக்கத் தொடங்கின.

குளிப்பாட்டிய மைமூன் பெரியம்மா அந்தக் கையைப் பிடித்தார். "விடும்மா. கஃபனுக்குத் தையல் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் பெரியம்மா."

அக்கா விட்டுவிட்டார். விரலில் ஒட்டிக்கொண்டு வந்த நூலையே பார்த்தார்.

"ஆனா நூல் உதிருதே" என்றார்.