இரண்டாவது தொடுகோடு

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபித் தட்டை நீட்டிவிட்டுக் கதவோரம் நிற்பது எனக்கு ஒத்துவராது என்று வீட்டில் பலமுறை சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு யாரும் பயப்படவில்லை. ஆனால் வரன் ஒன்று தானாகவே என் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து, ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தது.

நான் கொடைக்கானல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவரும் கணக்குதான். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பம். மலைக்குளிர் பழகாதவர், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சாக்பீஸ் பிடிக்கும் விரல்கள் மட்டும் வெளியே தெரிய வருவார். எங்கள் தலைமையாசிரியை இரண்டு வீட்டுக்கும் தெரிந்தவர். அவர் பேச்சை ஆரம்பித்துவைக்க, கவுஞ்சி கிராமத்தில் பூண்டு விவசாயம் செய்யும் என் அப்பாவுக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டிலும் சம்மதம், மாப்பிள்ளைக்கும் சம்மதம். பதில் சொல்ல வேண்டியது நான் ஒருத்திதான் என்றார்கள்.

நான் சொல்லவில்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது.

"ஏம்மா, பூண்டுக்கு வெல கேட்டு வர்ற யாவாரிகூட மறுநா பதில எதிர்பாப்பான். இவரு பாவம்மா," என்றார் அப்பா போனில்.

அவர் முகமோ சம்பளமோ எனக்குப் பிரச்சினை இல்லை. கணக்கு வாத்தியார்கள் சிலரை எனக்குத் தெரியும். விடை வரவில்லை என்றால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார்கள். இல்லாவிட்டால் பரீட்சைக்கு இது வராது என்று போர்டை அழித்துவிடுவார்கள். அந்தக் குணம் வீட்டுக்கும் கூடவே வரும் என்பது என் கட்சி. தடுமாறும்போது இவர் என்ன செய்வார் என்று தெரியாமல் கழுத்தை நீட்ட நான் தயாராக இல்லை. அதனால் அவரிடமே கேட்டேன்.

"சார், உங்க வகுப்புல ஒரு நாள் உக்காந்து பாக்கலாமா?"

"தாராளமா வாங்க டீச்சர்," என்றார். மறுநாள் ஸ்வெட்டரில் ஒன்று குறைந்திருந்தது. அழகாகத் தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. நடுங்கிக்கொண்டே வகுப்புக்கு வந்தார்.

பிளஸ் டூ வகுப்பு. வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் பாடம். பேத்துப்பாறையிலிருந்து வரும் இரண்டு பெண்களுக்கு நடுவே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவர்களுக்கு முழுக்கத் தெரியும். இந்த ஊரில் மாணவிகளுக்குத் தெரியாமல் எந்த டீச்சருக்கும் கல்யாணம் ஆகாது.

போர்டில் ஒரு வட்டம் வரைந்தார். வெளியே ஒரு புள்ளி. அதிலிருந்து வட்டத்தின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகும் இரண்டு கோடுகள். "வெளிய இருக்குற புள்ளியிலருந்து எப்பவும் ரெண்டு தொடுகோடு போடலாம். வட்டத்தோட மையத்துலருந்து கோட்டுக்கு உள்ள தூரம் ஆரத்துக்குச் சமமா இருக்கணும். அவ்வளவுதான் சூட்சுமம்," என்றார். நன்றாகவே சொன்னார். அதோடு நிறுத்திப் புத்தகத்தில் உள்ள கணக்கைப் போட்டிருக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருந்ததால் சொந்தச் சரக்கைக் காட்ட ஆசை வந்துவிட்டது.

"மையம் (2, 1). ஆரம் 3. புள்ளி (5, 5)," என்று எழுதினார்.

மையத்துக்கும் புள்ளிக்கும் தூரம் சரியாக 5. தொடுகோட்டின் நீளம் சரியாக 4. மூன்று, நான்கு, ஐந்து என்று லட்சணமாக அமைய வேண்டுமென்று மனசுக்குள் போட்டுப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். அந்த லட்சணமே அவரைக் கவிழ்க்கப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மையத்தின் x 2, அதோடு ஆரம் 3 சேர்ந்தால் 5. புள்ளியின் x-ம் 5. வாயை மூடிக்கொண்டு ஆனந்தமாகக் காத்திருந்தேன்.

சாய்வை m என்று வைத்து, புள்ளி வழியாகப் போகும் கோட்டை y − 5 = m(x − 5) என்று எழுதினார். மையத்திலிருந்து அதற்கு உள்ள தூரம் |4 − 3m| / √(m² + 1). அதை 3-க்குச் சமமாக்கி, இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினார்.

16 − 24m + 9m² = 9m² + 9

"இப்ப m-க்கு ரெண்டு விடை வரும் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் இருந்த 9m²-ஐ அடித்தார். கை நின்றது. மிச்சம் 24m = 7. அப்படியென்றால் m என்பது 7/24. ஒரே விடை, ஒரே கோடு: 7x − 24y + 85 = 0.

"சார், படத்துல ரெண்டு கோடு கெடக்கு. கணக்குல ஒண்ணுதான் வந்துருக்கு," என்றாள் என் இடப்பக்கத்துப் பெண்.

"இன்னொண்ண வர்ற வழியில எறக்கிவிட்டுட்டீங்களா சார்?" என்றான் முன் பெஞ்சுப் பையன். வகுப்பே சிரித்தது.

அவர் முதல் வரியிலிருந்து சரிபார்த்தார். தப்பே இல்லை. என்னைப் பார்த்தார். நான் கூரைத் தகரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்தேன். இந்த இடத்தைப் பார்க்கத்தானே வந்திருந்தேன்.

அவர் எரிந்து விழவில்லை, அழிக்கவும் இல்லை. "எனக்குப் புடிபடல. வந்த விடை சரிதான், ஆனா ஒண்ணு குறையுது. ஆளுக்கொரு கிராஃப் தாள் எடுங்க, வரைஞ்சு பாப்போம்," என்று சொல்லிவிட்டு, தானும் ஒரு தாளோடு அந்த முன் பெஞ்சுப் பையன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே பிடித்துவிட்டது.

என் இடப்பக்கத்துப் பெண்தான் முதலில் வரைந்து முடித்தாள். "சார், இன்னொரு கோடு செங்குத்தா நிக்குது! இதுக்கு ஏது சார் சாய்வு?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சாக்பீஸ் பொடி அப்படியே ஒட்டிக்கொண்டது. எழுந்து போய் x = 5 என்று எழுதினார். மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்குத் தூரம் 5 − 2 = 3. ஆரமேதான்.

"செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வுன்னு ஒண்ணு கெடையாது. சாய்வு m-ன்னு எழுதுனப்பவே இத நான் வெளிய நிப்பாட்டிட்டேன். இனிமே இந்த மாதிரி m² அடிபட்டுப் போச்சுன்னா, செங்குத்தா ஒண்ணு நிக்கும், தேடிப் புடிங்க," என்றார். பிறகு அந்தப் பொடி நெற்றியோடு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புள்ளி சொன்னப்பவே," என்றேன் பெருமையாக. வகுப்பு ஓவென்று கத்தியது.

மணி அடித்ததும் வராந்தாவில் அவரைப் பிடித்தேன். "சார், எனக்குச் சம்மதம். அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடுறேன்."

முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த பொடியைத் தட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். நான் தடுமாறுனா என்ன செய்வேன்னு நீங்க பாத்துட்டீங்க. நான் தடுமாறும்போது நீங்க எப்படி உக்காந்திருப்பீங்கன்னு நானும் இன்னைக்குத்தான் பாத்தேன். யோசிச்சுச் சொல்றேன்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை முழுக்க, என்ன திமிர் இந்த மனுஷனுக்கு என்று பொருமிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அழுதேன். அவர் சொன்னதில் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் ஆத்திரம். பதில் சொல்ல வேண்டியது நான் ஒருத்திதான் என்று ஊரே சொன்னதை நானும் நம்பிவிட்டிருந்தேன்.

அப்பா கூப்பிட்டபோது, "அவருதான்ப்பா யோசிக்கணுமாம்," என்றேன். அப்பா வெகுநேரம் சிரித்தார். "மூணு வாரம் தொங்கவிட்டேல்ல? இப்ப நீ தொங்கு," என்றார். பெற்ற அப்பா பேசுகிற பேச்சா இது!

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே பள்ளிக்குப் போய்விட்டேன். ஆசிரியர் அறையில் அவர் மட்டும் இருந்தார், பழையபடி இரண்டு ஸ்வெட்டரோடு, விடைத்தாள் திருத்திக்கொண்டு. பஸ்ஸில் தயார்செய்து வைத்த பேச்செல்லாம் மறந்துவிட்டது.

"சார், இனிமே எனக்குத் தெரிஞ்சா சொல்லிடுறேன்," என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. சிவப்புப் பேனா மட்டும் நின்றது.

"எப்பச் சொல்லுவீங்க?"

"புள்ளி சொன்ன உடனே."

பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்து வந்து எதிர் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.