பேர் கூப்பிடும் இடத்தில் கொடுத்த மாத்திரை

காப்பிப் பழம் பறிக்கும் மாதத்தில் ஒரு முற்பகல். வாழவந்திப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ஜீப்பில் ஒரு அம்மாவைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். ஏற்காட்டு அரசு சுகாதார நிலையத்தில் அப்போது நான் டாக்டர். அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பதைத் தாண்டிய பழம் பறிக்கிறவர். முன்பு மாரடைப்பு வந்து, சேலத்தில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதற்கான ஆஸ்பிரின் மாத்திரையை எங்களிடம்தான் மாதாமாதம் வாங்கிப்போவார். வாய் ஓயாமல் பேசுகிற பெண்மணி அன்று வாயே திறக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. கை ஜில்லென்றிருந்தது. நாடி படபடவென்று ஓடியது.

“என்னாச்சு?” என்று மகளைக் கேட்டேன்.

“செடிகிட்ட நிக்கயிலயே மயங்கி உழுந்துட்டாங்க டாக்டரம்மா. ரெண்டு மூணு நாளா வெளிய போறது ரோட்டுத் தாராட்டம் கறுப்பா போவுதுன்னு சொன்னாங்க. ராகிக் களி தின்னதுனு உட்டுட்டோம்.”

“வயிறு வலிச்சுதா?”

“இல்லீங்க. வலியே இல்லைங்களே.”

வலி இல்லாததுதான் எனக்குத் திக்கென்றது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். மகள் தயங்கவே இல்லை, மறைக்க அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தெரியாது.

“முட்டி வலிக்குங்க. காலையில பேர் கூப்புடற எடத்துல கணக்கெழுதற ரைட்டர் குடுப்பாரு. எல்லாருக்கும்தான் குடுப்பாரு. போட்டா சாயங்காலம் வரைக்கும் முட்டி தெரியாது. வலி நொம்ப இருந்தா எஸ்டேட் டாக்டர் வர்றன்னைக்கு ஊசி.”

மாத்திரை அட்டை அவள் முந்தானையிலேயே இருந்தது. டைக்ளோஃபினாக்.

இரண்டு கையிலும் சலைன் ஏற்றி, அமிலத்தைக் குறைக்கும் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அந்த அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் ஏறியது. அடிவாரம் வந்தபோது கண் திறந்து, “ஊட்டுல மவ அடுப்ப அணைச்சாளான்னு கேளுங்க சாமி” என்றார். எனக்கு அழுகை வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

சேலத்தில் ரத்தம் ஏற்றி, வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் ஆழமான புண், அதன் நடுவில் ரத்தம் கசியும் நாளம். அதை அடைத்தார்கள். பிழைத்துவிட்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஊருக்குத் திரும்பிய சில வாரங்களில் அந்த அம்மா நடந்தே என்னைப் பார்க்க வந்தார். முகத்தில் சிரிப்பு. “எஸ்டேட் டாக்டரு மாத்திரைய மாத்திட்டாருங்க டாக்டரம்மா. இது புதுசாம். வயித்த ஒண்ணுமே பண்ணாதாம். திரும்ப வேலைக்குப் போலாம்னுட்டாரு” என்று அட்டையை நீட்டினார்.

எட்டோரிகாக்சிப். அதுவும் வலி மாத்திரைதான்.

வரிசையில் நின்றவர்களை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த அட்டையோடு எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன். வாரம் ஒருமுறை வரும் எஸ்டேட் டாக்டர் மேனேஜரின் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். ஒரு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

“மாரடைப்பு வந்தவங்களுக்கு இதை எப்படி சார் எழுதுனீங்க?”

“வயிற்றுக்காகத்தான் மாத்தினேன். இது காக்ஸ்-டூவை மட்டும் தடுக்கிற மருந்து. உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

“தெரியும். அதனாலதான் வந்தேன்.”

மேனேஜர் குழம்பிப்போய், “என்னங்க அது காக்ஸு?” என்றார். அவரைப் பார்த்தே சொன்னேன். உடம்பில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ப்ராஸ்டாகிளான்டினைத் தயாரிக்கும் நொதி அது, இரண்டு வகை உண்டு. காக்ஸ்-டூ பெரும்பாலும் வீங்கிய இடத்தில் கிளம்புகிறது. காக்ஸ்-ஒன் எந்நேரமும் இரைப்பையில் வேலை செய்கிறது. அது தயாரிக்கும் ப்ராஸ்டாகிளான்டின்தான் இரைப்பைச் சுவரில் சளிப்படலத்தைப் போர்த்தி, அமிலத்தை முறிக்கும் காரத்தைச் சுரக்க வைத்து, சுவருக்கு ரத்தம் பாய வைக்கிறது. டைக்ளோஃபினாக் இரண்டையும் தடுக்கும். முட்டி வலி அடங்கும், கூடவே இரைப்பையின் காவலும் போய்விடும். அப்புறம் தன் அமிலமே தன் சுவரை அரிக்கும். புண்ணின் வலியையும் அந்த மாத்திரையே அமுக்கிவிடுவதால் ரத்தம் கொட்டும் வரை ஆளுக்குத் தெரியாது.

“சாப்பிட்டுட்டுத்தான் போடச் சொல்றோமுங்க” என்றார் மேனேஜர். “ஊசியும் போடறாங்களே, அது வயித்துக்கே போறதில்லியே.”

“எப்படிப் போட்டாலும் ரத்தத்துல கலந்து இரைப்பைச் சுவருக்குத்தான் போகுது. மேல படறதால வர்ற எரிச்சல் கொஞ்சம்தான். பெரிய சேதம் உள்ளேர்ந்து வருது. சோறு அதைத் தடுக்காது. அதுக்கு மேல அந்தம்மா ஆஸ்பிரின் வேற சாப்பிடறாங்க. ரத்தத்தை உறையவைக்கற தட்டணுக்களையும் அது கட்டிப்போட்டுடும். புண் வந்தா ரத்தம் நிக்காது.”

எஸ்டேட் டாக்டர் கோப்பையை வைத்தார். “அதனாலதானே மாத்தினேன் என்கிறேன்!”

“ஆஸ்பிரின் கூடவே ஓடறப்போ உங்க புது மாத்திரையோட வயிற்று லாபம் பெருமளவு போயிடும் சார். இதயத்தை யோசிச்சீங்களா? ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி சேராம தடுக்கற பொருளும் காக்ஸ்-டூவாலதான் வருது. அதை நிறுத்திட்டா கட்டி சேர்றதுக்கு வழி விட்டாச்சு. மாரடைப்பு வந்தவங்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. டைக்ளோஃபினாக்கும் இதயத்துக்கு ஆகாது. ஆபத்தை வயித்துலேர்ந்து எடுத்து நெஞ்சுல வச்சிருக்கீங்க.”

அவர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, “ஸ்டென்ட் வைத்ததை அந்தம்மா என்னிடம் சொல்லவில்லை” என்றார்.

“நீங்க கேட்டீங்களா?”

கேட்டிருக்க மாட்டார். வரிசை நீளம், அவர் வருவது அரை நாள். அது எனக்கும் புரிந்தது. புரிந்ததால் கோபம் தணியவில்லை. பழம் பழுத்து உதிர்வதற்குள் பறித்தாக வேண்டும், ஆள் நிற்க வேண்டும், அதற்கு முட்டி வலிக்கக் கூடாது. மெஷினுக்கு எண்ணெய் விடுவது மாதிரி ஆளுக்கு மாத்திரை விட்டிருக்கிறார்கள். அந்த ஆபீஸில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

“ரைட்டர் கையில இனி அந்த மாத்திரை டப்பா இருக்கக் கூடாது. இருந்தா நான் மேல எழுதிப்போடுவேன்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தேன். குரல் உயர்ந்துதான் போயிருந்தது. வெளியே பழம் எடை போட நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

டப்பாவை நிறுத்தினார்கள். அந்த அம்மாவுக்கு இதய டாக்டரைக் கேட்டு ஆஸ்பிரினைத் தொடர்ந்தோம், அமிலம் குறைக்கும் மாத்திரையோடு. முட்டிக்குப் பாரசிட்டமாலும் தேய்க்கும் களிம்பும், தொடைக்கு உடற்பயிற்சியும். வலி முன்பு போல் முழுசாக அடங்கவில்லை. உண்மையான மருந்து, சரிவில் ஏறி இறங்காத வேலைதான். பல தடவை போய்ச் சண்டை போட்ட பிறகு காப்பி காயும் களத்தில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

அதற்கு அந்த அம்மா என்னை வாழ்த்தவில்லை. “ஏனுங்க டாக்டரம்மா, நீங்க சத்தம் போட்டதுல இப்ப யாருக்கும் மாத்திரை இல்ல. எல்லாரும் என்னையத்தான் மொறைக்கறாளுங்க” என்றார்.

அவர்களுக்கும் முட்டி இருக்கிறது, வலிக்கத்தான் செய்யும். சில பேர் பஸ் ஏறி டவுனுக்குப் போய் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமலே அதே அட்டையை வாங்கி வருகிறார்கள். கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். “நான் குடுக்கலீன்னா பக்கத்துக் கடையில வாங்குவாங்க” என்று சிரித்தார்.

இப்போது முட்டி வலி என்று யார் வந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்கிறேன்: நெஞ்சு வலி வந்ததுண்டா, மலம் கறுப்பாகப் போனதுண்டா. சிலர் எரிச்சலோடு முகத்தைத் திருப்புகிறார்கள். திருப்பட்டும்.