எக்ஸ் ஒய் இசட் முக்கோணம்

என்னைப் போன்ற முட்டாளை எங்கள் தெருவில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. முக்கோணத்துக்கு ஏ, பி, சி என்று பெயர் இருந்தால்தான் அதன் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணம் ஆகும் என்று ஒரு வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தவன் நான். நிரூபணம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பரீட்சைத் தாளில் எக்ஸ், ஒய், இசட் என்று கொடுத்துவிட்டார்கள். "சார், இந்த முக்கோணம் பாடத்திலே இல்லே" என்று எழுந்து நின்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்துவிட்டு வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பள்ளி இறுதிப் பரீட்சைக்கு யார் யாரை அனுப்பலாம் என்று பார்க்கிற பரீட்சை அது. பெயர்களைத் தேர்ந்து அனுப்புகிறவர், சாயங்காலங்களில் எனக்கு டியூஷனும் சொல்லித்தந்த கணக்கு வாத்தியார்தான். பெயர் போகாவிட்டால் படிப்பு அவ்வளவுதான், தறியில் உட்கார் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் தறியில் உட்கார்ந்தால் அறுக்கிற இழைகளை முடிபோடத் தனியாக ஓர் ஆள் வைக்க வேண்டும். அப்பாவுக்கும் அது தெரியும். அன்று இரவு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

மறுநாள் விடியலில் தெருவில் நெசவுப் பாவு நீட்டியிருந்தார்கள். வீட்டு வாசலிலிருந்து பிள்ளையார் கோயில் வரை, முட்டுக்கழிகளின் மேல் இடுப்பு உயரத்தில் பட்டு இழைகள். ஆடு மாடு வராமல் பார்த்துக்கொள்ள என்னையும் சித்தப்பா மகளையும் நிறுத்தினார்கள். அவளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் போனதில்லை.

"இன்னாண்ணா முணுமுணுத்துக்கினே கீற? மந்திரமா?"

"ஏபிசி ஒரு முக்கோணம்..."

"அது யாரு?"

எழுத்து தெரியாதவளிடம் ஏபிசி யார் என்று எப்படிச் சொல்வது? பாடத்தையே முதலிலிருந்து ஒப்பித்தேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கையில காட்டு."

விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குகளை உருவினேன். "இந்த ஓர இழையப் பாரு. ஒரு சாண் தள்ளி அந்த இழையப் பாரு. ரெண்டும் எங்கியாச்சும் சேருமா?"

"சேந்தா பெரிப்பா தோல உரிச்சிடுவாரு."

"சேராது இல்ல?" ஓர் ஈர்க்கைச் சாய்வாக, இரண்டு இழைகளையும் வெட்டும்படி வைத்தேன். "கிட்ட இருக்கிற இழையில ஈர்க்குக்கு வலது பக்கம் ஒரு மூலை இருக்குதா? தூர இழையில இடது பக்கம் இருக்கிற மூலையும் இதே அளவுதான்."

"சும்மா சொல்ற."

"அந்தப் பக்கம் போய் நின்னு பாரு."

பாவுக்கு அடியில் நுழைந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். "ஆமாண்ணா! உனக்கு அங்க தெரியறது எனக்கு இங்க தெரியுது!"

இதைப் புத்தகம் ஒன்றுவிட்ட கோணங்கள் என்கிறது. எனக்கு அதுவரை அது வெறும் பெயர். இரண்டாவது ஈர்க்கை எதிர்ச்சாய்வாக வைத்தேன். இரண்டின் மேல்நுனிகளும் தூர இழையில் ஒரே இடத்தில் தொட்டன. கீழே கிட்ட இழை அடிக்கோடு. முக்கோணம்.

"கீழ் இடது மூலை மேலே ஏறி உச்சிக்கு இடது பக்கம் உக்காந்துகிச்சு. கீழ் வலது மூலை உச்சிக்கு வலது பக்கம். நடுவுல உச்சியோட சொந்த மூலை. மூணும் ஒட்டிக்கினு..."

மூன்றும் ஒட்டிக்கொண்டு அந்த நேரான இழையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிரப்பியிருந்தன. நேர்கோடு என்றால் இரண்டு செங்கோணம். உச்சி வழியாக அடிக்கோட்டுக்கு இணையாக வாத்தியார் ஏன் எங்கிருந்தோ ஒரு கோடு இழுக்கிறார் என்று ஒரு வருஷம் விழித்தேனே, அந்தக் கோடு இதுதான்.

"ஒல்லி முக்கோணம்னா?" என்று ஈர்க்குகளை நெருக்கிப் பிடித்தாள்.

"உச்சி சின்னதாவும், கீழ ரெண்டும் அகலும். இழை நேராத்தானே இருக்குது?"

"அப்ப எப்பவும் அதேதானா? இதுக்கா நேத்து சோறு துன்னல?"

பெயர் எதுவானாலும் அதேதான். அடுத்த நாழிகையில் பாவை அவளிடம் விட்டுவிட்டு வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். பல் துலக்கிக்கொண்டிருந்தார். கிணற்றடி மண்ணில் வேப்பங்குச்சியால் முக்கோணம் வரைந்தேன். அவராகவே கே, எல், எம் என்று பெயர் வைத்தார். எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இணைகோடு இழுத்து, ஒவ்வொரு கோணமும் எங்கே போய் உட்காருகிறது, ஏன் சமம் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் வாய் கொப்பளிக்கவும் மறந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், என் பேரையும் சேத்து அனுப்புவீங்களா?"

"உன் பேரை நேத்தே அனுப்பியாச்சுப்பா."